ரொக்க விற்பனையில் வாங்கிய ஜி.எஸ்.டி.யைக் கணக்கில் எங்கே வைப்பது?

"ஓசூரில் சின்னதாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. விலையை வரியோடு சேர்த்துச் சொல்லித்தான் விற்கிறோம், பெரும்பாலும் ரொக்கம். இதுவரை கல்லாவில் விழுந்த பணம் முழுவதையும் விற்பனை என்றே எழுதி வந்தேன். அது தப்பு என்கிறார்கள். ஒரு ரொக்க விற்பனைக்குக் குறிப்பேட்டில் சரியான பதிவு எப்படி இருக்க வேண்டும்?"

தப்புதான், பிரித்து எழுத வேண்டும். ரொக்கக் கணக்கில் வாங்கிய தொகை முழுவதும் பற்று. எதிர்ப்பக்கத்தில் பொருளின் மதிப்பு மட்டும் விற்பனைக் கணக்கில் வரவு. வரியாக வாங்கியதில் பாதி அவுட்புட் சி.ஜி.எஸ்.டி. கணக்கிலும், பாதி அவுட்புட் எஸ்.ஜி.எஸ்.டி. கணக்கிலும் வரவு. இந்த இரண்டு வரிக் கணக்குகளும் வருமானம் அல்ல, அரசுக்கு நீங்கள் தர வேண்டிய பொறுப்புகள். இருப்புநிலைக் குறிப்பில் கடன்களோடு சேர்ந்து நிற்கும்.

எழுதத் தொடங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவு சாதாரணப் பதிவா, காம்போசிஷன் திட்டத்தில் உள்ளதா? காம்போசிஷன் என்றால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக எதையும் வாங்க முடியாது. பில்லில் வரியைக் காட்டவும் கூடாது. அங்கே வந்த பணம் முழுவதும் விற்பனைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டுவது கடையின் சொந்தச் செலவு. நீங்கள் சாதாரணப் பதிவில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 1,050 ரூபாய்க்கு ஒரு எவர்சில்வர் குடமும், 236 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் வாளியும் வாங்கி, 1,286 ரூபாயை ரொக்கமாகக் கொடுக்கிறார். குடத்துக்கு வரி 5 சதவீதம், வாளிக்கு 18 சதவீதம். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு 2025 செப்டம்பர் 21 வரை 12 சதவீதம் இருந்தது, மறுநாளிலிருந்து 5 ஆனது. பழைய கணக்குப் புத்தகங்களில் உள்ள எடுத்துக்காட்டுகள் 12 சதவீதத்தில் இருந்தால் குழம்ப வேண்டாம்.

இரண்டு விலையிலும் வரி உள்ளே இருக்கிறது. அதை வெளியே எடுக்கும் இடத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 236 ரூபாயில் 18 சதவீதம் என்று கால்குலேட்டரில் தட்டினால் 42.48 வரும். அது சரியல்ல. 18 சதவீதம் என்பது வரி சேராத விலையின் மேல் வருவது. அந்த விலை 100 என்றால் வாடிக்கையாளர் தந்தது 118. ஆகவே வாங்கிய தொகையை 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும்.

வாளி: 236 ÷ 118 × 100 = 200, வரி 36
குடம்: 1,050 ÷ 105 × 100 = 1,000, வரி 50

தப்பான வழியில் போயிருந்தால் அந்த ஒரு வாளிக்கே 6 ரூபாய் 48 காசு கூடுதலாக வரி என்று எழுதி, அந்த அளவுக்கு உங்கள் விற்பனையைக் குறைத்திருப்பீர்கள். யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், உங்கள் கைப்பணம்தான் போகும்.

வரியின் மொத்தம் 86 ரூபாய். வாங்குபவரும் தமிழ்நாடு, கடையும் தமிழ்நாடு என்பதால் அது சரிபாதியாகப் பிரியும். பதிவு இப்படி வரும்:

ரொக்கக் கணக்கு (பற்று): 1,286
விற்பனைக் கணக்கு, 5% (வரவு): 1,000
விற்பனைக் கணக்கு, 18% (வரவு): 200
அவுட்புட் சி.ஜி.எஸ்.டி. கணக்கு (வரவு): 43
அவுட்புட் எஸ்.ஜி.எஸ்.டி. கணக்கு (வரவு): 43
(குடம், வாளி ரொக்கத்துக்கு விற்றது, பில் எண் இன்னது)

விற்பனையை வரி விகிதப்படி இரண்டு கணக்காகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். கணக்கியல் விதிப்படி ஒரே விற்பனைக் கணக்கு போதும். ஆனால் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் சில்லறை விற்பனையை விகிதவாரியாகக் கேட்கிறார்கள். மாதக் கடைசியில் பில் கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்காருவதைவிட, முதலிலேயே பிரித்து எழுதிவிடுவது நல்லது. தப்பைக் கண்டுபிடிக்கவும் இந்தப் பிரிவு உதவும்; அதைக் கீழே காட்டுகிறேன்.

விற்ற குடத்தின் அடக்க விலைக்கு இங்கே பதிவு எதுவும் இல்லையே என்று தோன்றலாம். சின்னக் கடைகளில் கொள்முதலைக் கொள்முதல் கணக்கில் எழுதிவிட்டு, வருடக் கடைசியில் சரக்கிருப்பை எண்ணி லாபம் பார்க்கிறோம். அந்த முறையில் ஒவ்வொரு விற்பனைக்கும் அடக்கப் பதிவு தேவையில்லை.

"முழுவதையும் விற்பனை என்று எழுதிவிட்டு, வரி கட்டும்போது செலவு என்று எழுதினால் கடைசியில் லாபம் ஒன்றுதானே?" என்று ஒரு கேள்வி வரும். வருடத்தின் நடுவில் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். மார்ச் 31 அன்று வித்தியாசம் வெளியே வரும். மார்ச்சில் வசூலித்த வரியை ஏப்ரலில்தான் கட்டுவீர்கள். அந்தத் தொகை மார்ச் கணக்கில் வருமானமாக ஏறியிருக்கும், செலவாக இறங்கியிருக்காது. லாபம் அந்த அளவுக்கு ஊதித் தெரியும், கடன் பட்டியலில் அரசுக்குத் தர வேண்டியது இருக்காது. இன்னொன்று, ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் விற்றுமுதல் வரி இல்லாமல்தான் போகிறது. புத்தகத்தில் அது வரியோடு இருந்தால் இரண்டும் எந்த மாதமும் ஒத்துவராது. யாராவது விளக்கம் கேட்டால் ஒவ்வொரு பில்லாகத் தோண்டியெடுக்க வேண்டியிருக்கும்.

இனி பேரம். பாத்திரக் கடையில் அது இல்லாத பில் அபூர்வம். 1,050 ரூபாய்க் குடத்தை "ஆயிரத்துக்குக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் போகிறார். குறைத்த விலையில் பில் போட்டால், அல்லது 50 ரூபாய்த் தள்ளுபடியை பில்லிலேயே காட்டினால், வரியும் குறைந்த விலைக்குத்தான். ஆயிரத்தை 105-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 952.38. விற்பனை அவ்வளவு; சி.ஜி.எஸ்.டி. 23.81, எஸ்.ஜி.எஸ்.டி. 23.81. தள்ளுபடி என்று தனிக் கணக்கே வேண்டாம்.

ஆனால் 1,050-க்கு பில் அடித்துக் கையில் கொடுத்த பிறகு, "சரி, ஐம்பது குறைச்சுக்கோங்க" என்று ஆயிரத்தை வாங்கினால் கதை வேறு. பில்லில் வரி 50 என்று இருக்கிறது, அந்த 50-ஐ நீங்கள் கட்டியே ஆக வேண்டும். அப்போது ரொக்கம் 1,000 பற்று, தள்ளுபடி 50 பற்று. எதிரே விற்பனை 1,000 வரவு, வரி 25-உம் 25-உம் வரவு. விட்டுக்கொடுத்த 50 ரூபாய் முழுக்க உங்கள் செலவு. ஒரு பில்லுக்கு 2 ரூபாய் 38 காசு கூடுதலாக வரி போகிறது. நாள் முழுக்கப் பேரம் நடக்கும் கடையில் இது சும்மா விடக்கூடிய தொகை அல்ல. விலையைப் பேசி முடித்த பிறகு பில் போடுங்கள்.

ஒவ்வொரு பில்லுக்கும் குறிப்பேட்டில் ஒரு பதிவு எழுத முடியுமா என்றால், தேவையில்லை. பில்கள் எல்லாம் இருக்கும்போது நாளுக்கு ஒரே பதிவு போதும். பில்லே போடாத சின்ன விற்பனைக்கும் வழி இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத வாடிக்கையாளர் 200 ரூபாய்க்குக் கீழே வாங்கி, பில்லும் கேட்கவில்லை என்றால் தனி பில் கட்டாயம் இல்லை. டீ வடிகட்டி, கரண்டி, ஸ்பூன் எல்லாம் இதில் வந்துவிடும். ஆனால் கடை மூடும்போது அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மொத்த பில் போட வேண்டும். அதுவும் அன்றைய பதிவுக்குள் வரும். ஓட்டல்காரர் ஒருவர் தன் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து பில் கேட்டால் பதிவு அதே மாதிரிதான். ஆனால் ரிட்டர்னில் அவர் பில்லைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பதால் நாள் மொத்தத்தில் கலக்காமல் தனிப் பதிவாக எழுதுங்கள்.

இப்போது ஒரு நாளின் பதிவு. அன்றைய பில்களைக் கூட்டினால் 5 சதவீதச் சாமான் 21,000 ரூபாய்க்கும், 18 சதவீதச் சாமான் 5,900 ரூபாய்க்கும் விற்றிருக்கிறது, இரண்டும் வரியோடு. மொத்தம் 26,900. அதில் 9,400 ரூபாய் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து வங்கிக் கணக்குக்கே போய்விட்டது. மீதி 17,500 ரொக்கம்.

ரொக்கக் கணக்கு (பற்று): 17,500
வங்கிக் கணக்கு (பற்று): 9,400
விற்பனைக் கணக்கு, 5% (வரவு): 20,000
விற்பனைக் கணக்கு, 18% (வரவு): 5,000
அவுட்புட் சி.ஜி.எஸ்.டி. கணக்கு (வரவு): 950
அவுட்புட் எஸ்.ஜி.எஸ்.டி. கணக்கு (வரவு): 950

இங்கே கல்லாவை எண்ணி அதிலிருந்து விற்பனையைக் கண்டுபிடிக்காதீர்கள். நீங்கள் இதுவரை செய்துவந்ததில் வரியைப் பிரிக்காததைவிட இதுதான் எனக்குப் பெரிய தப்பாகத் தெரிகிறது. விற்பனை பில்லிலிருந்து வர வேண்டும். கல்லா அதைச் சரிபார்ப்பதற்கு. அன்று காலையில் சில்லறைக்காக 2,000 ரூபாய் போட்டுத் தொடங்கினீர்கள், மதியம் ஏற்றுக்கூலி 300 ரூபாயைக் கல்லாவிலிருந்தே எடுத்துக் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ராத்திரி கல்லாவில் 19,200 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 19,180 இருக்கிறது.

அந்தக் கூலி 300-க்குத் தனிப் பதிவு: கூலிக் கணக்கு பற்று, ரொக்கம் வரவு. குறைந்த 20 ரூபாய்க்கும் தனிப் பதிவு: ரொக்கக் குறைவுக் கணக்கு பற்று, ரொக்கம் வரவு. இந்த 320 ரூபாயை விற்பனையில் கழித்து எழுதினால், விற்ற பொருளுக்கு வசூலித்த வரியில் கொஞ்சம் கணக்கிலிருந்தே காணாமல் போகும். வசூலித்த வரியைக் கட்டாமல் விடுவதைச் சட்டம் தனிப் பிரிவு வைத்தே பார்க்கிறது. தொகை சின்னது என்பது அங்கே பதிலாகாது. அப்புறம், குறைவுக் கணக்கு தனியாக இருந்தால் அது மாதா மாதம் எவ்வளவு ஏறுகிறது என்பதும் கண்ணில் படும். கூலிக்கோ டீக்கோ எடுத்துக் கொடுத்ததைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லாவிலேயே போட்டுவைத்தால் ராத்திரிக் கணக்கு ஐந்து நிமிஷ வேலை.

மறுநாள் அந்த வாளியில் கைப்பிடி சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து 236 ரூபாயைத் திரும்ப வாங்கிப் போகிறார். இதற்கு கிரெடிட் நோட் ஒன்று போட்டு, பதிவைத் திருப்பி எழுத வேண்டும்: விற்பனைத் திருப்பம் 200 பற்று, அவுட்புட் சி.ஜி.எஸ்.டி. 18 பற்று, அவுட்புட் எஸ்.ஜி.எஸ்.டி. 18 பற்று, ரொக்கம் 236 வரவு. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் கடைக்காரர்கள் பலர் வரியைத் திருப்ப மறந்துவிடுகிறார்கள். வாளியும் கடைக்கு வந்துவிட்டது, பணமும் போய்விட்டது, 36 ரூபாய் வரி மட்டும் அரசுக்குப் போகும். வாளிக்குப் பதிலாக அதே 236 ரூபாய்க்கு எவர்சில்வர் டப்பா எடுத்துக்கொண்டார் என்றால், பணம் கைமாறவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வாளி 18, டப்பா 5. திருப்பத்துக்கு ஒரு பதிவு, புது விற்பனைக்கு ஒரு பதிவு என்று இரண்டும் வேண்டும். விற்ற நாளில் என்ன விகிதம் போட்டீர்களோ அதே விகிதத்தில்தான் திருப்பமும்.

ஓசூர் என்பதால் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். அங்கிருந்தும் உங்கள் கடைக்கு ஆள் வருவார்கள். அவர்களுக்கு எந்த வரி? 2023 அக்டோபர் 1 முதல் விதி இது: வாங்குபவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதபோது, பில்லில் அவர் முகவரி எழுதப்பட்டிருந்தால் அந்த முகவரி உள்ள இடத்தில் விற்பனை நடந்ததாகக் கொள்ள வேண்டும். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே ஆகும். எதுவும் எழுதவில்லை என்றால் கடை இருக்கும் இடம்.

அதாவது பெங்களூர்க்காரர் வந்து வாளியை ரொக்கம் கொடுத்து வாங்கி, பில்லில் பெயரோ ஊரோ எழுதாமல் போனால் மேலே பார்த்த பதிவுதான், 18-உம் 18-உம். அவர் கேட்டாரே என்று கர்நாடக முகவரியை பில்லில் ஏற்றினால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை ஆகிவிடும். பதிவில் ரொக்கம் 236 பற்று, விற்பனை 200 வரவு, அவுட்புட் ஐ.ஜி.எஸ்.டி. 36 வரவு. சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் அங்கே வராது. வரியின் தொகை ஒன்றுதான், போய்ச் சேரும் கணக்குதான் வேறு. தப்பான கணக்கில் கட்டினால் சரியான கணக்கில் மறுபடி கட்டிவிட்டு முன்னதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பதிவில்லாத ஒருவருக்கு வரி சேராமல் 50,000 ரூபாய்க்குக் கீழே பில் என்றால், அவரே கேட்டாலொழிய முகவரி எழுதுவது கட்டாயமில்லை. பில் போடும் ஆளிடம் இதை விளக்கிவையுங்கள். சும்மா பழக்கத்தில் ஊர்ப் பெயரைத் தட்டிவிடுவார்கள்.

மாதம் முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். விகிதவாரியாகப் பிரித்த பலன் இங்கேதான் கிடைக்கிறது. திருப்பம் போக 5 சதவீத விற்பனைக் கணக்கில் 6,00,000 ரூபாயும், 18 சதவீதக் கணக்கில் 1,00,000 ரூபாயும் நிற்கிறது, எல்லாம் தமிழ்நாட்டுக்குள் விற்றது என்று வைத்துக்கொள்வோம். அவுட்புட் சி.ஜி.எஸ்.டி. எவ்வளவு நிற்க வேண்டும்? ஆறு லட்சத்தில் இரண்டரை சதவீதம் 15,000, ஒரு லட்சத்தில் 9 சதவீதம் 9,000, ஆக 24,000. எஸ்.ஜி.எஸ்.டி.யும் அதே 24,000. பேரேட்டில் உள்ள மீதி இதிலிருந்து ஒன்றிரண்டு ரூபாய் தள்ளி இருந்தால் அது காசுகளை முழுமையாக்கியதால் வந்தது, கவலையில்லை. நூற்றுக்கணக்கில் தள்ளி இருந்தால் எங்கேயோ 18 சதவீதச் சாமானின் வரியைச் சரியாகப் போட்டு, விற்பனையை மட்டும் 5 சதவீதக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள், அல்லது ஒரு திருப்பத்தில் வரியை விட்டிருக்கிறீர்கள். சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் ஒரு பதிவில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள்.

மீதி சரி என்றால் கட்டும் பதிவு. கொள்முதலின்போது நீங்கள் கொடுத்த வரி இன்புட் சி.ஜி.எஸ்.டி.யில் 17,500-உம் இன்புட் எஸ்.ஜி.எஸ்.டி.யில் 17,500-உம் இருக்கிறது என்று கொள்வோம்.

அவுட்புட் சி.ஜி.எஸ்.டி. கணக்கு (பற்று): 24,000
அவுட்புட் எஸ்.ஜி.எஸ்.டி. கணக்கு (பற்று): 24,000
இன்புட் சி.ஜி.எஸ்.டி. கணக்கு (வரவு): 17,500
இன்புட் எஸ்.ஜி.எஸ்.டி. கணக்கு (வரவு): 17,500
வங்கிக் கணக்கு (வரவு): 13,000

ஒரு பக்க இன்புட் மிஞ்சி இன்னொரு பக்கம் போதவில்லை என்றாலும் சி.ஜி.எஸ்.டி.யை எடுத்து எஸ்.ஜி.எஸ்.டி.க்குக் கட்ட முடியாது, எஸ்.ஜி.எஸ்.டி.யை எடுத்து சி.ஜி.எஸ்.டி.க்கும் கட்ட முடியாது. வெளிமாநிலக் கொள்முதலில் ஐ.ஜி.எஸ்.டி. கொடுத்திருந்தால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். அது முதலில் ஐ.ஜி.எஸ்.டி. பாக்கிக்குப் போகும், மீந்ததை மற்ற இரண்டில் எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் என்றால் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி-யோடு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இந்தப் பதிவு எழுதியதும் இரண்டு அவுட்புட் கணக்குகளிலும் அந்த மாதத்துக்கு மீதி எதுவும் நிற்கக் கூடாது.